துக்கம் விசாரிக்க ஒரு மின்னஞ்சல்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்.)



இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு சின்னது. கூட வேலை பார்ப்பவரின் அப்பாவோ அம்மாவோ இறந்துவிட்டால் அவருக்கு ஆபீஸ் மெயிலில் என்ன எழுதுவது? பேங்கில் இருந்த காலத்தில், இறந்துபோன கணக்குதாரர்களின் வீட்டாருக்குக் கடிதம் எழுதும் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழக்கத்தால்தான் செயலாளர் இதை என் தலையில் கட்டியிருக்கிறார்.

நம் குடியிருப்பில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை. அவர்களோடு வேலை செய்பவர்களோ திருநெல்வேலி, தேனி, விழுப்புரம், ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவருடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இறந்தால், அவர் இரவோடு இரவாக 600 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ச் சேர வேண்டும். அடுத்த நாள் ஷிஃப்டை விட்டுவிட்டு நாமும் அங்கே போய் நிற்க முடியாது. அதனால் நாம் அனுப்பும் மெயில்தான் நாம் நேரில் போனதற்குச் சமம். தென்மாவட்டத்தில் இதைக் கேதம் கேட்பது என்பார்கள், நம் பக்கம் துக்கம் விசாரிப்பது என்போம். அதைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே சங்கடம்.

சங்கடம் எங்கே வருகிறது? சாவு வீட்டுக்குப் போனால் நாம் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. உள்ளே போவோம், மாலை போடுவோம், அவர் கையைப் பிடித்துக்கொள்வோம், வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். பேசாமல் இருப்பதுதான் அங்கே ஆறுதல். மெயிலில் சும்மா உட்கார முடியாது. எதையாவது எழுதியாக வேண்டும். எழுத ஆரம்பித்தவுடன் தத்துவமும் புத்திமதியும் வேலை விஷயமும் வரிசையாக உள்ளே வந்துவிடுகின்றன.

ஆனால் சாவு வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று நம் பெரியவர்கள் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே நாம் செய்வது மூன்று காரியம். முதலாவது, நேரில் போய் முகம் காட்டுகிறோம். இரண்டாவது, அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டாரோ சொந்தக்காரர்களோ சாப்பாடு கொண்டுபோகிறோம். மூன்றாவது, கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம். மெயிலுக்கும் இந்த மூன்றும் போதும். முகம் காட்டுவதற்கு இரண்டு வரி, சாப்பாட்டுக்குப் பதிலாக அவர் வேலையில் ஒரு பகுதி, கடைசியில் அவரை எதற்கும் கட்டிப்போடாமல் விலகுவது.

ஒரு உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். நம் பிளாக்கில் இருக்கும் ஒரு தம்பி ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அவரை விட இரண்டு வருஷம் சீனியரான சக ஊழியரின் அப்பா இறந்துவிட்டார். தம்பி எழுதி வைத்திருந்த மெயிலை என்னிடம் காட்டினார். யாருடையது என்று சொல்லாமல் படித்துக் காட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன். அது இப்படி இருந்தது:

"டியர் அண்ணா, உங்கள் தந்தை சிவலோக பதவி அடைந்த செய்தி கேட்டு அதிர்ச்சியும் ஆழ்ந்த வேதனையும் அடைந்தேன். எப்படி ஆச்சு? நன்றாகத்தானே இருந்தார் என்று சொன்னீர்கள்? பிறந்தவர் எல்லோரும் ஒருநாள் போக வேண்டியவர்கள்தான். காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும். தைரியமாக இருங்கள், அம்மாவுக்கு நீங்கள்தான் தைரியம் சொல்ல வேண்டும். எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை ஆடிட் இருக்கிறது, அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். சீக்கிரம் திரும்பி வாருங்கள்."

கெட்ட எண்ணத்தோடு எழுதிய மெயில் இல்லை. தம்பி நிஜமாகவே வருத்தத்தில் இருந்தார். ஆனாலும் இதைப் படிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்பாவை எரித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறக்கிறார். இந்த ஒரு மெயில் அவருக்கு எத்தனை வேலை வைக்கிறது? எப்படி இறந்தார் என்று சொல்ல வேண்டும். தைரியமாக இருக்க வேண்டும், அம்மாவுக்கும் தைரியம் சொல்ல வேண்டும். என்ன உதவி வேண்டும் என்று யோசித்துக் கேட்க வேண்டும். ஃபைல் எங்கே என்று நினைவுபடுத்தி எழுத வேண்டும். கடைசியாக, சீக்கிரம் திரும்பி வர வேண்டும். சாப்பாடு கொண்டுபோக வேண்டிய நாம், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரையே சமைக்கச் சொன்ன மாதிரி.

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். கடைசியில் போன மெயில் இதுதான்:

"அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் அப்பா இறந்துவிட்டார் என்று இன்று காலை கேள்விப்பட்டேன். மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

தினமும் நாலு மணி டீ நேரத்தில் அப்பாவோடு பேசிவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். ஒருநாள் போனை என்னிடமும் கொடுத்தீர்கள். 'அங்கே மழை உண்டா தம்பி' என்று கேட்டார். அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆடிட்டில் உங்கள் இரண்டு லைனுக்கும் நான் நிற்கிறேன். வாடிக்கையாளர் புகாருக்கான பதிலை வெள்ளிக்கிழமை நானே அனுப்பிவிடுவேன். சாரிடம் சொல்லிவிட்டேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

அன்புடன்,"

கீழே அவர் பெயர். அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் வரியில் 'இறந்துவிட்டார்' என்று நேராக இருக்கிறது. 'காலமானார்', 'மறைந்தார்' என்றும் எழுதலாம். எழுதக் கூடாதது 'சிவலோக பதவி' மாதிரியான சொல். அந்த வீட்டின் நம்பிக்கை நமக்குத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் அது வைணவக் குடும்பமாக இருக்கலாம், கிறிஸ்தவராகவோ இஸ்லாமியராகவோ இருக்கலாம், சடங்கே செய்யாமல் படத்திறப்பு மட்டும் வைக்கும் பகுத்தறிவாளர் குடும்பமாக இருக்கலாம். பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். 'காரியம் எப்போது', 'ஆன்மா சாந்தியடைய' என்பதற்கெல்லாம் இதே எச்சரிக்கை. 'கஷ்டமாக இருக்கிறது' என்பதற்கு எந்த மதமும் வேண்டாம். இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பெரியப்பாவையும் அப்பா என்று கூப்பிடுவார்கள். மாமனார் இறந்ததற்கு 'உங்கள் அப்பா' என்று மெயில் போனால் அது பெரிய அவலம். அனுப்பும் முன் டீமில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

'அதிர்ச்சியும் ஆழ்ந்த வேதனையும்' என்பதை எடுத்துவிட்டோம். ஆபீஸில் காட்ட வேண்டிய அடக்கம் என்று சொல்கிறோமே, அது இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. துக்கம் அவருடையது. அவருடைய துக்கத்தை விட நம்முடையது சத்தமாகக் கேட்கக் கூடாது. தம்பி அந்தப் பெரியவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காதவர் 'ஆழ்ந்த வேதனை' என்று எழுதினால் அது அச்சடித்த கார்டு மாதிரி தெரியும். 'மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்பது அவருக்குள்ள உறவின் அளவுக்குச் சரியாக இருக்கிறது.

இரண்டாவது பகுதி, அந்த நாலு மணி போன். தம்பி முதலில், 'எனக்கு அவர் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாதே அங்கிள்' என்றார். தெரியாவிட்டால் கண்டுபிடித்து எழுத வேண்டாம், விட்டுவிடலாம் என்றேன். அப்புறம்தான் போன் விஷயம் அவருக்கு ஞாபகம் வந்தது. பாருங்கள், அது முழுக்க வேலை செய்யும் இடத்தில் நடந்தது. வீட்டு விஷயத்துக்குள் மூக்கை நுழைக்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான். ஆபீஸில் இருக்கிற நமக்கு இந்த எல்லை நல்ல அளவுகோல். 'அவர் உங்களுக்காக எவ்வளவு தியாகம் செய்திருப்பார்' என்று எழுதினால் அது நம் கற்பனை. ஒருவேளை அவருக்கும் அப்பாவுக்கும் பல வருஷம் பேச்சே இல்லாமல் இருந்திருக்கலாம். அது நமக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது பகுதிதான் சாப்பாடு. 'எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்' என்ற வரியை எல்லோரும் எழுதுகிறோம், யாரும் கேட்பதில்லை. சாவு வீட்டுக்குப் போய் 'பசித்தால் சொல்லுங்கள்' என்று நாம் சொல்வதில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வருகிறோம். அதனால் எந்த வேலை, எந்த நாள், யார் செய்வது என்று மூன்றையும் எழுத வேண்டும். அதற்கு முன்னால் மேலதிகாரியிடம் கேட்டிருக்கவும் வேண்டும். தம்பி முதலில் சாரிடம் போய் அனுமதி வாங்கி வந்த பிறகுதான் 'சொல்லிவிட்டேன்' என்று எழுதினோம். 'லீவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று எழுத அவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். லீவு கொடுப்பது அவர் கையில் இல்லை. தன் கையில் இல்லாததைத் துக்கத்தில் இருப்பவருக்கு வாக்காகக் கொடுக்கக் கூடாது.

அந்த ஃபைல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐ.டி. பிரிவில் சொல்லி, சாருடைய அனுமதியோடு எடுத்துவிட்டார்கள். நிஜமாகவே அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தால்? அப்போதும் துக்க மெயிலில் சேர்க்காதீர்கள். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், டீமில் அவருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பட்டும். ஒரே ஒரு கேள்வி, ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஐந்து பேர் ஐந்து கேள்வி கேட்கக் கூடாது.

கடைசி வரி, 'பதில் எழுத வேண்டாம்'. சாவு வீட்டிலிருந்து 'வரேன்' என்று சொல்லாமல் கிளம்புகிறோமே, இது அதற்கு ஈடு. அந்த வரி இல்லாவிட்டால் அவர் ஊரில் உட்கார்ந்து முப்பது பேருக்கு 'தேங்க்யூ' தட்டிக்கொண்டிருப்பார். 'சீக்கிரம் திரும்பி வாருங்கள்' என்பதையும் எடுத்துவிட்டோம். எழுதியவர் அன்பாகத்தான் எழுதினார், படிப்பவர் காதில் 'எப்போது டூட்டிக்கு வருவாய்' என்று விழும். கேள்விக்குறி ஒன்றுகூட மெயிலில் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. அனுப்புவதற்கு முன் கேள்விக்குறியைத் தேடிப் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதலாமா, தமிழிலா என்று ஒரு சந்தேகம் வரும். எந்த மொழியில் இருவரும் டீ குடித்துக்கொண்டு பேசுவீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். ஹிந்திக்காரர், ஒடியாக்காரர் என்றால் எளிய ஆங்கிலம். இதே வரிசை, இதே அளவு. ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்தில் மட்டும் முடித்துவிடாதீர்கள்.

இனி அதிகாரிகளாக இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. உங்கள் கீழ் வேலை செய்பவருக்கு எழுதும்போது நீங்கள் கொண்டுபோகும் சாப்பாடு லீவுதான். அப்பா அம்மா இறந்தால் இத்தனை நாள் என்று தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் தனி விடுப்பு எதுவும் இல்லை. அது அந்தந்தக் கம்பெனியின் விதியைப் பொறுத்தது. அதனால் அவர் மனதில் 'எத்தனை நாள் கிடைக்கும், சம்பளம் பிடிப்பார்களா' என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'உங்கள் விடுப்பை இன்ன தேதி வரை நானே பதிவு செய்துவிட்டேன், அதுவரை இங்கிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்' என்று தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். பத்து வரி ஆறுதலை விட அது பெரிது. உங்கள் அதிகாரத்துக்குள் எத்தனை நாள் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

ஹெச்.ஆர். பிரிவுக்காரர்கள் சிலர் முதல் மெயிலிலேயே வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்த வரியில் 'இறப்புச் சான்றிதழ் நகலை அனுப்பவும்' என்று கேட்கிறார்கள். பேங்கில் எங்கள் மேஜையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வருத்தம் ஒரு கடிதம், படிவம் இன்னொரு கடிதம், இரண்டும் ஒரே உறையில் போகாது. மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, நடைமுறையும் அப்படித்தான். இறப்பைப் பதிவு செய்ய 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி 21 நாள் அவகாசம் இருக்கிறது. கிராமத்தில் 16-ஆம் நாள் காரியம் வரைக்கும் அந்தக் குடும்பம் வேறு எதையும் யோசிக்காது. இரண்டாம் நாளே சான்றிதழ் கேட்டால் அவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது, மனக்கசப்புதான் மிஞ்சும். அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு கேட்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் நெருங்கியவர் ஒருவர் போனில் நினைவுபடுத்தலாம்: 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் அலைச்சலும் தாமதக் கட்டணமும் மிச்சம்.

டீம் முழுவதற்கும் போகும் தகவல் மெயிலை ஒருவர்தான் அனுப்ப வேண்டும். யாருடைய அப்பா அல்லது அம்மா, எந்த நாள் இறந்தார், அவர் எதுவரை விடுப்பில் இருக்கிறார், அவர் வேலையை யார் பார்க்கிறார். இவ்வளவு போதும். நோயின் பெயர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். இறந்தவர் எப்படி இறந்தார் என்பது வெளியே தெரிய வேண்டாம் என்று அவர்கள் நினைக்கலாம். அந்த மெயிலில் துக்கத்தில் இருப்பவரை Cc-யில் போடாதீர்கள். போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் Reply All அழுத்துவார், பின்னாலேயே நாற்பது பேர் ஒரே வாக்கியத்தை அனுப்புவார்கள். அப்பாவின் சாம்பல் ஆறுவதற்குள் அவர் போன் நாற்பது தடவை அடிக்கும்.

நம் பகுதியில் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளோடு வேலை செய்பவர்களும் இருக்கிறீர்கள். ஹூண்டாய் 1998-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. ரெனோவும் நிஸானும் கூட்டாகத் தொடங்கிய ஆலை 2010-லிருந்து ஒரகடத்தில் இருக்கிறது. கொரியாவில் பொதுவாக மூன்று நாளில் இறுதிச் சடங்கு முடிந்துவிடும், அவர் உடனே விமானம் ஏறியிருப்பார். அதனால் அன்றைக்கே அனுப்புங்கள், மூன்று நாலு வரிக்கு மேல் வேண்டாம். ஜப்பானியர்கள் துக்கக் கடிதத்தில் 'மீண்டும் மீண்டும்', 'அடிக்கடி' என்ற பொருள் தரும் சொற்களைத் தவிர்ப்பார்கள். துக்கம் திரும்ப வந்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான். நாம் 'போய்ட்டு வரேன்' சொல்லாததற்கும் அதே காரணம்தானே. அவர்களும் நாமும் இந்த விஷயத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மேலதிகாரியின் வீட்டில் துக்கம் என்றால் நீங்கள் இன்னும் சுருக்கமாக எழுதலாம். செய்தி கேட்டேன், வருந்துகிறேன், இங்கே இன்ன வேலையை இன்னார் பார்த்துக்கொள்கிறோம். தைரியம் சொல்வது, புத்தி சொல்வது வேண்டாம். அது வயதில் மூத்தவர், உறவில் நெருங்கியவர் செய்யும் காரியம்.

கடைசியாக நேரம். முதல் இரண்டு நாளுக்குள் அனுப்புவது நல்லது. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றால் அப்போதும் அனுப்பலாம். ஏன் தாமதம் என்று நாலு வரி விளக்கம் எழுத வேண்டாம், 'இன்றுதான் தெரிந்தது' என்ற இரண்டு வார்த்தை போதும். அவர் மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பி வரும் நாளில் மீட்டிங் நடுவே எல்லோர் முன்னாலும் விசாரிக்காதீர்கள். டீ நேரத்தில் பக்கத்தில் போய் நில்லுங்கள். மெயிலில் செய்ய முடியாத காரியம் ஒன்று இருந்ததே, சும்மா பக்கத்தில் இருப்பது, அதை அன்றைக்குச் செய்யலாம்.

செயலாளர் சுண்டல் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் முடித்துக்கொள்கிறேன்.